ஒரு லிட்டர் தண்ணீரா, ஒரு லிட்டர் கரைசலா?

"மோலாரிட்டி, மோலாலிட்டி இரண்டுக்கும் வரையறை நன்றாகத் தெரியும். ஆனாலும் கணக்கு என்று வந்தால் மாற்றிப் போட்டுவிடுகிறேன். முதலாம் ஆண்டில் எல்லாரும் ஏன் இதிலேயே குழம்புகிறார்கள்?"

பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், அதனால்தான் குழப்பம் என்று பலரும் சொல்வார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பல வருடங்கள் செய்முறை வகுப்பு எடுத்ததில் எனக்குப் பட்ட முக்கியமான காரணம் வேறு. ஆரம்ப வகுப்புகளில் இரண்டையும் மாற்றிப் போட்டாலும் விடை சரியாகவே வந்துவிடும். அதனால் தவறு நடந்ததே யாருக்கும் தெரிவதில்லை.

நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. 0.1 M சோடியம் குளோரைடு கரைசல் ஒரு லிட்டர் தயாரிக்க வேண்டும். மாணவி ஒருவர் 5.84 கிராம் உப்பைக் கவனமாக எடைபோடுகிறார். அளவு ஜாடியில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப் பீக்கரில் ஊற்றுகிறார். உப்பைப் போட்டுக் கலக்கி, பாட்டிலில் நிரப்பி, 0.1 M என்று லேபிள் ஒட்டுகிறார். கை சுத்தம், எடை சுத்தம். ஆனால் அவர் தயாரித்தது மோலார் கரைசல் அல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ என்பதால், அது 0.1 மோலால் கரைசல்.

மோலாரிட்டி என்றால் ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள். மோலாலிட்டி என்றால் ஒரு கிலோ கரைப்பானில் எத்தனை மோல். அவர் உப்பை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கில் ஊற்றி, பீக்கரைக் கழுவிய தண்ணீரையும் அதிலேயே சேர்த்து, கழுத்திலுள்ள கோடு வரை நிரப்பியிருக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் போனது என்று அங்கே யாரும் அளப்பதில்லை. மொத்தம் ஒரு லிட்டர் ஆக வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அந்தத் தவறான கரைசலை சில்வர் நைட்ரேட்டோடு டைட்ரேஷன் செய்தால் மாட்டிக்கொள்வாரா? மாட்டார். அந்த உப்பு கரைசலின் கன அளவைக் கூட்டுவது 2 மில்லிலிட்டருக்கும் குறைவு. 1000 மி.லி. என்பது சுமார் 1002 மி.லி. ஆகிறது. 20 மி.லி. எடுத்து டைட்ரேட் செய்தால் பியூரெட்டில் வரும் வித்தியாசம் 0.03 மி.லி. அளவுதான். பியூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டே 0.05 மி.லி. இருக்கும். ஒரு சொட்டுக்குள் மறைந்துபோகும் தவறை யார் கண்டுபிடிப்பது? ரெக்கார்டில் முழு மதிப்பெண் விழும். "ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டால் மோலாரிட்டி" என்ற எண்ணம் மனதில் நன்றாக வேரூன்றிவிடும்.

இதையே சுக்ரோஸில் செய்தால் உண்மை உடனே வெளியே வரும். ஒரு மோல் சுக்ரோஸ் 342 கிராம். அதை ஒரு கிலோ தண்ணீரில் கரைத்தால் அளவு ஜாடி சுமார் 1.21 லிட்டர் காட்டும். அந்தக் கரைசல் 1 m, ஆனால் மோலாரிட்டி 0.82 தான். மாறாக 1 M வேண்டுமென்று கோடு வரை நிரப்பினால் உள்ளே இருக்கும் தண்ணீர் சுமார் 790 கிராம். நான் வகுப்பில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் செய்து காட்டுவேன். கூடுதலாக நிற்கிற அந்த 200 மி.லி.யைக் கண்ணால் பார்த்தபிறகு வரையறையைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் கணக்கு. மாற்றிப் போடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது. அடர் சல்ஃபியூரிக் அமிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: எடையில் 98 சதவீதம், அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 1.84 கிராம். ஒரு லிட்டரை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அதன் எடை 1840 கிராம். அதில் 98 சதவீதம், அதாவது 1803 கிராம் அமிலம். மூலக்கூறு எடை 98 ஆல் வகுத்தால் 18.4 மோல். எடுத்தது ஒரு லிட்டர் என்பதால் மோலாரிட்டி 18.4 M. இதுவரை யாரும் தவறுவதில்லை.

மோலாலிட்டிக்கு வரும்போது பலர் 18.4 ஐ 1.84 கிலோவால் வகுத்துவிடுகிறார்கள். 10 என்று அழகான முழு எண் வருகிறது, நம்பவும் தோன்றுகிறது. ஆனால் 1.84 கிலோ என்பது கரைசலின் எடை. நமக்கு வேண்டியது கரைப்பானின் எடை. 1840 இலிருந்து 1803 ஐக் கழித்தால் மிஞ்சும் தண்ணீர் 37 கிராம், அதாவது 0.037 கிலோ. 18.4 ஐ அதனால் வகுத்தால் 500 m அளவுக்கு வரும். ஒரே பாட்டில், ஒரு பக்கம் 18, மறுபக்கம் 500! அந்தக் கழித்தல் விட்டுப்போனதால் வந்த 10 மோலாரிட்டியும் இல்லை, மோலாலிட்டியும் இல்லை.

அதனால் நீங்கள் கணக்கில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஒரு லிட்டர் கரைசலுக்குள் கரைப்பான் எத்தனை கிலோ இருக்கிறது? ஒரு கிலோவுக்குக் குறைவென்றால் மோலாலிட்டி மோலாரிட்டியைவிடப் பெரிதாக வர வேண்டும். அமிலத்துக்கு 10 என்ற விடை 18.4 ஐவிடச் சிறியதாக இருப்பதே அது தவறு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு அளவு எதற்கு என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கலாம். சூடானால் கரைசல் விரியும், எடை மாறாது. 20 டிகிரியில் 0.1000 M ஆக இருந்த நீர்க்கரைசல் 40 டிகிரியில் 0.0994 M அளவுக்கு இறங்கிவிடும். அதன் மோலாலிட்டி அப்படியே இருக்கும். டைட்ரேஷனில் கன அளவைத்தான் அளக்கிறோம், அங்கே மோலாரிட்டி வசதி. உறைநிலைத் தாழ்வு போன்ற சோதனையில் வெப்பநிலையே மாறிக்கொண்டிருப்பதால் மோலாலிட்டி.

அந்தச் சோதனையில்தான் பழைய பழக்கம் முதன்முதலாகக் காலை வாரும். ஏனென்றால் கரைப்பான் தண்ணீராக இருக்காது. 20 கிராம் சைக்ளோஹெக்சேனில் 0.256 கிராம் நாஃப்தலீன் கரைத்தால் உறைநிலை சுமார் 2 டிகிரி இறங்கும். அதன் உறைநிலை மாறிலி ஏறக்குறைய 20 என்பதால் மோலாலிட்டி 0.1. இருபது கிராமில் 0.002 மோல், மூலக்கூறு எடை 128, சரியான விடை. ஆனால் "கிலோவும் லிட்டரும் ஒன்றுதானே" என்று 20 கிராமுக்குப் பதில் அதன் கன அளவான 25.7 மி.லி.யைப் போட்டால் மூலக்கூறு எடை 100 என்று வரும். மாணவர்கள் தெர்மாமீட்டரைக் குறை சொல்வார்கள், நாஃப்தலீன் சுத்தமில்லை என்பார்கள். நான் அவர்களுடைய நோட்டில் 25.7 என்ற எண் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.