இரவு டேட்டா, கேம் டவுன்லோட்: இந்த வாரக் கேள்விகள்

20 எம்பிபிஎஸ் 4ஜி ரவுட்டர் இருக்கிறது. 90 ஜிபி கேம் ஒன்றை ஒரே இரவில் இறக்க முடியுமா? (வவுனியா)

முடியாது. 20-ஐ எட்டால் வகுத்தால் நொடிக்கு 2.5 எம்பி, மணிக்கு 9 ஜிபி. எங்கள் பக்கத்துப் பக்கேஜ்களில் இரவு டேட்டா பொதுவாக நள்ளிரவு 12-க்குத் தொடங்கி காலை 7 அல்லது 8 வரை. ஏழு என்று வைத்து, முன்னும் பின்னும் கொஞ்சம் விட்டால் ஆறரை மணி நேரம்தான், 55 ஜிபி சொச்சம் வரும். மீதி மறுநாள் இரவு. இரவுக் கணக்கில் 90 ஜிபி மிச்சம் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

ஸ்டீமில் ஷெட்யூல் போட்டேன். ஆனாலும் பகல் டேட்டா 30 ஜிபி போய்விட்டது. கம்பனி ஏமாற்றுகிறதா? (மட்டக்களப்பு)

எந்த கேம், எத்தனை மணிக்குப் போனது, கணினி எப்போது ஆனில் இருந்தது, ஒன்றும் எழுதவில்லை. கம்பனியைத் திட்டுவதற்கு மட்டும் இரண்டு பத்தி. இப்படிக் கடிதம் மாதம் பத்தாவது வருகிறது, அதனால் ஒருமுறை முழுதாகவே சொல்கிறேன்.

Settings-இல் Downloads பக்கத்தில் குறிக்கிற அந்த நேரம், ஏற்கெனவே இன்ஸ்டால் ஆன கேம்களின் ஆட்டோ அப்டேட்டுக்கு மட்டும். புது கேமுக்கு Install அழுத்தினால் அது அந்த நொடியே இறங்கத் தொடங்கும், ஷெட்யூலைப் பார்க்காது. அப்டேட் காத்திருக்கிற கேமில் பகலில் விளையாடப் போய் பட்டனை அழுத்தினாலும் அப்படித்தான்.

உங்கள் 30 ஜிபி பெரும்பாலும் இன்னொரு வழியில் போயிருக்கும். இரவில் பாதி இறங்கியது, காலையில் கணினியை நிறுத்தினீர்கள், பத்து மணிக்கு ஆபீஸ் வேலைக்காக மறுபடி ஆன் செய்தீர்கள். விண்டோஸோடு சேர்ந்து ஸ்டீமும் தானாகத் திறந்து, விட்ட இடத்திலிருந்து டவுன்லோடைத் தொடர்ந்திருக்கும், நீங்கள் எக்செலில் இருந்திருப்பீர்கள். மணிக்கு 9 ஜிபி என்றால் மதியச் சாப்பாட்டுக்குள் 30 ஜிபி காலி. எனக்கே ஒரு மாதக் கோட்டா இப்படி மூன்றாம் தேதி முடிந்தது, மிச்ச நாளெல்லாம் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு போன் டேட்டாதான்.

ஆகவே, விண்டோஸ் தொடங்கும்போது ஸ்டீம் தானாகத் திறப்பதை நிறுத்துங்கள். 12 அடித்த கையோடு தொடங்காமல் 12.10-க்குத் தொடங்குங்கள், உங்கள் கடிகாரமும் அவர்கள் கடிகாரமும் ஒன்றல்ல. ஸ்லீப்புக்குப் போகாதபடி பவர் செட்டிங்கை மாற்றுங்கள், திரை அணைந்தால் பரவாயில்லை. தொடங்கியதும் கமாண்ட் பிராம்ப்டில் இதைக் கொடுத்துவிட்டுப் படுங்கள்:

```
shutdown /s /t 23400
```

23400 நொடி என்பது ஆறரை மணி நேரம், 6.40-க்குக் கணினி தானாக நின்றுவிடும். மனம் மாறினால் `shutdown /a`. அடுத்த முறை ஸ்டீமைத் திறப்பதும் 12.10-க்குப் பிறகுதான். பகலில் திறந்தே ஆக வேண்டுமென்றால் முதல் வேலையாக டவுன்லோடை Pause செய்யுங்கள்.

பேட்ச் குறிப்பில் சின்னத் திருத்தம் என்றுதான் போட்டிருந்தார்கள், ஆனால் 25 ஜிபி இறங்குகிறதே? (நல்லூர்)

ஸ்டீம் கோப்புகளைச் சுமார் ஒரு எம்பித் துண்டுகளாகப் பார்த்து, மாறிய துண்டுகளை மட்டும் இறக்கும். கேமைச் செய்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பில் அடைத்து, உள்ளே வரிசையை மாற்றிவிட்டால் எல்லாத் துண்டும் மாறியதாகவே தெரியும். உங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, இரவுக்குத் தள்ளுங்கள். இறங்கி முடிந்த பிறகும் டிஸ்க் நெடுநேரம் ஓடும், அது பேட்ச் பொருத்துகிற வேலை. நெட்வொர்க் வேகம் பூச்சியம் என்று காட்டினால் டேட்டா போகவில்லை, பயந்து நிறுத்தாதீர்கள்.

பிஎஸ்5-இல் நேரம் குறிக்க எங்கே போக வேண்டும்? (வத்தளை)

அதில் அந்த வசதி இல்லை. ஆட்டோ டவுன்லோடை அணைத்துவிட்டு 12.10-க்குக் கையால் தொடங்கி ரெஸ்ட் மோடில் விடுங்கள். காலையில் அது தானாக நிற்காது என்பதால் ரவுட்டரின் பேரன்டல் கன்ட்ரோலில் பிஎஸ்5-க்கு மட்டும் காலை 6.40-லிருந்து இணையத்தைத் தடுத்துவையுங்கள். பகலில் ஆன்லைனில் விளையாடுகிறவர் என்றால் எழுந்ததும் டவுன்லோடை நிறுத்திவிட்டு அந்தத் தடையை எடுக்க வேண்டும்.

நானும் தம்பியும் ஒரே கேமை இரண்டு கணினியில் தனித்தனியாக இறக்குகிறோம். (திருகோணமலை)

ஏன்? 2023-லிருந்து ஸ்டீமிலேயே வீட்டு நெட்வொர்க் வழியாகக் கேமை மாற்றும் வசதி இருக்கிறது. இரண்டு கணினியிலும் ஸ்டீம் திறந்திருக்கட்டும், Downloads பக்கத்தில் Game File Transfer over Local Network-ஐ இருவருமே அனுமதியுங்கள், நண்பர் பட்டியலிலும் ஒருவரை ஒருவர் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டாவிலிருந்து போவது சொற்பம்தான். ஆனால் முதலில் இறக்கியவரிடம் கடைசி அப்டேட் வரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடுபட்ட பகுதி இணையத்திலிருந்துதான் வரும். இதையும் 12.10-க்குப் பிறகே செய்யுங்கள்.