ஒரே கரைசல், ஒரே கிழங்கு, ஆனால் எடை மாற்றம் மட்டும் வேறு வேறு ஏன்?

கேள்வி: சவ்வூடு பரவலுக்கான உருளைக்கிழங்குத் துண்டு சோதனையில் 0.2 மோலார் சர்க்கரைக் கரைசலில் இரண்டு துண்டு போட்டேன். ஒன்று 3.00 கிராமிலிருந்து 3.24 ஆனது, இன்னொன்று 2.00 கிராமிலிருந்து 2.16. எது சரி? 0.4 மோலாரில் 2.60 கிராம் துண்டு 2.49 ஆகிவிட்டது. இதை வைத்துக் கிழங்குக்குச் சமமான செறிவை எப்படிச் சொல்வது?

இரண்டுமே சரி. ஒன்று 0.24 கிராம் கூடியிருக்கிறது, மற்றது 0.16. ஆனால் இரண்டையும் அதனதன் தொடக்க எடையால் வகுத்து 100 ஆல் பெருக்கிப் பாருங்கள்:

சதவீத மாற்றம் = (இறுதி எடை − தொடக்க எடை) ÷ தொடக்க எடை × 100

0.24 ÷ 3.00 × 100 = 8. அதேபோல 0.16 ÷ 2.00 × 100 = 8. பெரிய துண்டில் செல்கள் அதிகம், அதனால் உள்ளே போன தண்ணீரும் அதிகம். ஒவ்வொரு கிராம் கிழங்கும் எடுத்துக்கொண்ட தண்ணீர் இரண்டிலும் ஒன்றுதான். சதவீதம் காட்டுவது அதைத்தான். வகுப்பது எப்போதும் தொடக்க எடையால். இறுதி எடையால் வகுத்தால் முதல் துண்டுக்கு 7.4 என்று வந்துவிடும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. துண்டின் நீளம் மாறினால் சதவீதம் அதைச் சரிக்கட்டிவிடும், தடிமன் மாறினால் சரிக்கட்டாது. மெல்லிய துண்டில் நடுவிலுள்ள செல்களுக்கும் தண்ணீர் சீக்கிரம் போய்ச் சேரும். தடித்த துண்டில் ஒரு மணி நேரம் கழித்தும் நடுப்பகுதி பழையபடியே இருக்கலாம். அதனால் தோலைச் சீவிவிட்டு, எல்லாத் துண்டுகளையும் ஒரே தக்கைத் துளைப்பானால் எடுங்கள். அது இல்லையென்றால் அளவுகோலை வைத்து ஒரே அகலத்துக்கு வெட்டுங்கள்.

என் அனுபவத்தில் முடிவுகளை அதிகம் கெடுப்பது ஒற்றியெடுப்பதுதான். 2.50 கிராம் துண்டின் மேல் 0.05 கிராம் ஈரம் ஒட்டியிருந்தாலே 2 சதவீதம் பிழை வந்துவிடும். மெல்லிய காகிதத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு முறை ஒற்றினால் போதும், அழுத்திப் பிழியக் கூடாது. கரைசலில் போடுவதற்கு முன்பும் இதேபோல ஒற்றிவிட்டுத்தான் எடை பார்க்க வேண்டும். வெட்டிய பரப்பிலும் கசிவு இருக்கிறதே! ஒரே கரைசலில் போட்ட மூன்று துண்டுகளின் சதவீதங்கள் 8, 7.5, 3 என்று வந்தால் அந்த 3 ஐச் சந்தேகியுங்கள். தடிமனோ ஒற்றியதோ மாறியிருக்கும்.

கரைசல் தயாரிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1 மோலார் சுக்ரோஸ் என்றால் 34.2 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பிறகு மொத்தம் 100 மில்லி வரும்வரை தண்ணீர் சேர்ப்பது. 100 மில்லி தண்ணீரில் 34.2 கிராமைக் கொட்டினால் சர்க்கரையும் இடம் பிடித்துக்கொண்டு மொத்தம் 120 மில்லியைத் தாண்டிவிடும். செறிவு ஏறக்குறைய 0.8 தான் இருக்கும். சரியாகச் செய்த 1 மோலார் கரைசலில் 40 மில்லி எடுத்து 100 மில்லி ஆக்கினால் 0.4 மோலார். வீட்டுச் சர்க்கரையே போதும், அது பெரும்பாலும் சுக்ரோஸ்தான்.

இப்போது சமமான செறிவு, அதாவது துண்டின் எடை கூடவும் செய்யாமல் குறையவும் செய்யாமல் இருக்கும் செறிவு. 0.4 மோலாரில் மாற்றம் −0.11 ÷ 2.60 × 100 = −4.2 சதவீதம். கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள், கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. 0.2 இல் +8, 0.4 இல் −4.2. இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் அது பூஜ்ஜியத்தை 0.2 + 0.2 × (8 ÷ 12.2) = 0.33 மோலாருக்குப் பக்கத்தில் வெட்டும். உங்கள் கிழங்குக்குச் சமமான செறிவு அதுதான். இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்து வந்த மதிப்பு என்பதால் 0.25, 0.30, 0.35 மோலாரிலும் துண்டுகளைப் போட்டுப் பாருங்கள், வெட்டும் இடம் இன்னும் தெளிவாகத் தெரியும். 0 முதல் 1 மோலார் வரை முழு வரைபடம் போட்டால் அது நேர்கோடாக வராது. செறிவு கூடக்கூட வளைந்து படுக்கும். செல்கள் ஏற்கெனவே நிறையத் தண்ணீரை இழந்து சுருங்கியிருக்கும், இனி இழக்க மிச்சம் குறைவு. அதனால் தொலைவிலுள்ள புள்ளிகளையும் சேர்த்து ஒரே நேர்கோடு இழுத்தால் வெட்டுமிடம் தவறும்.

அந்த 0.33 க்கு விளக்கம் எழுதும்போது "தண்ணீர் நகரவில்லை" என்று எழுதாதீர்கள். தண்ணீர் மூலக்கூறுகள் சவ்வைத் தாண்டி இரு பக்கமும் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாக இருப்பதால் எடை மாறுவதில்லை. "சர்க்கரை எதுவும் உள்ளே போகாது" என்பதும் முழுச் சரியில்லை. செல்சுவர்களின் இடைவெளிகளுக்கும் வெட்டுப்பட்ட செல்களுக்கும் சர்க்கரை பரவல் மூலம் போகும். உயிருள்ள செல்லின் சவ்வுதான் அதைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துகிறது. சவ்வூடு பரவலுக்குச் சவ்வு ஏன் தேவை என்று கேட்டால் இதையே பதிலாக எழுதலாம்.