வெந்நீர்த் தொட்டிக்கு 45 டிகிரி போதாது, ஆண்டு ஒப்பந்தமும் தேவையில்லை

கேள்வி: ஐயா, வேளச்சேரியில் 24 வீடுகள் உள்ள எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் 2,000 லிட்டர் சூரிய வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. மின்செலவு குறையட்டும் என்று அதன் ஹீட்டரை 45 டிகிரியில் வைத்திருக்கிறோம். அந்தச் சூட்டில் லெஜியோனெல்லா கிருமி வளரும், ஆண்டுக்கொரு முறை மருந்து கலந்து சுத்தம் செய்ய ஒப்பந்தம் போடுங்கள் என்று ஒருவர் வந்து சொல்கிறார். என் தந்தைக்கு 78 வயது, நுரையீரல் நோயும் உண்டு. ஒப்பந்தம் போடலாமா? (சங்கச் செயலாளர், வேளச்சேரி)

பதில்: போட வேண்டாம். வந்தவர் 45 டிகிரியைப் பற்றிச் சொன்னது சரி. அதற்கு அவர் விற்கும் மருந்துதான் தவறு.

லெஜியோனெல்லா ஆற்றிலும் ஏரியிலும் மண்ணிலும் இயல்பாகவே சிறு எண்ணிக்கையில் வாழும் பாக்டீரியா. குழாய்த் தண்ணீரோடோ லாரித் தண்ணீரோடோ அது எப்போதாவது உங்கள் கீழ்த்தொட்டிக்குள் வந்து சேர்வதைத் தடுக்க முடியாது. அந்த அளவில் அதனால் பெரிய கெடுதலும் இல்லை. கட்டடத்துக்குள் அதற்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய 20 டிகிரிக்குக் கீழே அது பெருகாமல் முடங்கிக் கிடக்கும்; 20 முதல் 45 டிகிரி வரை பெருகும்; நம் உடல் சூட்டை ஒட்டிய 35, 37 டிகிரியில் மிக வேகமாகப் பெருகும். 50 டிகிரியில் வைத்திருந்தால் பத்தில் ஒன்பது பங்கு சாக இரண்டு மணி நேரம் வரை ஆகும், 60 டிகிரியிலோ இரண்டு நிமிடங்களே போதும். பத்து டிகிரி வித்தியாசம் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருவதால்தான் வெப்பநிலையை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன்.

உங்கள் ஹீட்டர் காட்டும் 45 என்பது தொட்டி முழுவதற்கும் உரிய எண் அன்று என்பதையும் கவனியுங்கள். சூடான நீர் மேலே நிற்கும். புதிதாக வரும் நீர் அடியில் சேரும். காலை எட்டு மணிக்கு எல்லா வீடுகளும் குளித்து முடித்த பிறகு மேற்பகுதி 45 டிகிரியில் இருந்தாலும் அடிப்பகுதி 32 அல்லது 35 டிகிரியில்தான் இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிவும் வண்டலும் துருவும் தங்குவதும் அதே அடிப்பகுதியில்தான். அந்தப் படிவின் மேல் வழவழப்பான பாசிப்படலம் போன்ற ஒன்று வளர்கிறது. அதை மேய்வதற்கு அமீபா என்னும் ஒற்றைச் செல் உயிரிகள் வருகின்றன. அமீபா லெஜியோனெல்லாவை விழுங்குகிறது. ஆனால் விழுங்கப்பட்ட கிருமி செரிக்கப்படாமல் அதன் உள்ளேயே பெருகி, கடைசியில் அதை உடைத்துக்கொண்டு கூட்டமாக வெளியேறுகிறது. நம் நுரையீரலுக்குள் போனாலும், கிருமிகளைத் தின்ன வரும் பாதுகாப்புச் செல்லுக்குள் இதே வேலையைத்தான் அது செய்கிறது.

ஆண்டுக்கொரு முறை மருந்து கலப்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே. குளோரின் போன்ற மருந்துகள் ஓடும் நீரில் இருப்பதைக் கொல்லும். படலத்துக்கு அடியிலும் அமீபாவின் உள்ளேயும் இருப்பவற்றில் ஒரு பகுதி தப்பிவிடும். அடுத்த நாள் தொட்டி மீண்டும் 45 டிகிரிக்குத் திரும்பினால், மிஞ்சியவை சில வாரங்களில் பழைய அளவுக்கு வந்துவிடும். மீதி மாதங்களில் உங்களிடம் இருப்பது சுவரில் மாட்டிய சான்றிதழ் மட்டுமே. இந்தச் சான்றிதழ்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஹோட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களில் 29 பேர் இந்தக் கிருமியால் வந்த நிமோனியாவில் இறந்தார்கள். காரணம் எது என்று கண்டறிய மறுஆண்டு ஜனவரி ஆயிற்று. ஆய்வகங்களில் வழக்கமாகக் கிருமி வளர்க்கும் ஊடகங்களில் இது வளராதது அதற்கு ஒரு காரணம். நம் ஊரில் தண்ணீர்ப் பரிசோதனை என்ற பெயரில் தரப்படுவது பெரும்பாலும் கோலிஃபார்ம் சோதனை. அது கழிவுநீர் கலந்திருக்கிறதா என்று சொல்லுமே தவிர லெஜியோனெல்லாவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உண்மையான லெஜியோனெல்லா வளர்ப்புச் சோதனைக்குத் தனி ஊடகம் வேண்டும், முடிவு வரப் பத்து நாள் வரை ஆகும். மறுநாளே கோலிஃபார்ம் அறிக்கையைக் கொண்டுவந்து தண்ணீர் சுத்தம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். மருந்து கலந்த அன்று மாலையே மாதிரி எடுப்பவரையும் அப்படியே. அன்று எந்தக் கட்டடத்தின் நீரும் சுத்தமாகத்தான் தெரியும்.

இனி செய்ய வேண்டியது. தொட்டியின் வெப்பநிலையை 60 டிகிரிக்கு உயர்த்துங்கள். தொட்டியின் அடியிலிருந்து நீரை எடுத்து மேலே விடும் சிறு பம்ப் ஒன்றைப் பொருத்தி, நீர் அதிகம் எடுக்கப்படாத பிற்பகலில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓட்டினால் அடிப்பகுதியும் 60 டிகிரிக்கு வரும். அதற்கு முன்பு ஒருமுறை தொட்டியை வடித்து வண்டலை அகற்றிவிடுங்கள். சூடான நீர் வீடுகளுக்குப் போகும் குழாய் சிபிவிசி தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வெள்ளைப் பிவிசி குழாயை யாராவது இடையில் ஒட்டியிருந்தால் இந்தச் சூட்டில் அது இளகிவிடும்.

மின்செலவு ஏறிவிடும் என்று கூட்டத்தில் எதிர்ப்பு வரும். அதற்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். குளிர்நீர் 30 டிகிரி, குளிக்க வேண்டியது 40 டிகிரியில் 90 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி 45 டிகிரியில் இருந்தால் அதிலிருந்து 60 லிட்டர் எடுத்து 30 லிட்டர் குளிர்நீரோடு கலக்க வேண்டும். 60 டிகிரியில் இருந்தால் 30 லிட்டர் வெந்நீரே போதும். இரண்டிலும் குளிப்பவருக்காகச் செலவாகும் வெப்பம் ஒன்றுதான். கூடுவது தொட்டியும் குழாயும் காற்றில் இழக்கும் வெப்பம் மட்டும். அதை நல்ல வெப்பக் காப்பு உறையால் பெருமளவு குறைக்கலாம். வெயில் நாட்களில் சூரியனே 60 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கிவிடும். ஹீட்டர் உழைக்க வேண்டியது நவம்பர், டிசம்பர் மழைநாட்களில்தான்.

சரிபார்க்க நூற்றுக்கணக்கில் கிடைக்கும் ஒரு வெப்பமானி போதும். தொட்டிக்கு மிக அருகிலுள்ள வீட்டிலும் மிகத் தொலைவான தரைத்தள வீட்டிலும் வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து, ஒரு நிமிடம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். 50 டிகிரிக்கு மேல் வந்தால் சரி. தரைத்தளத்தில் மட்டும் 38 வந்தால், வெந்நீர் குழாயிலேயே தங்கி ஆறுகிறது என்று பொருள். தொட்டிக்கு நீரைத் திருப்பியனுப்பும் சுற்றுக்குழாய் இல்லை, அல்லது அதன் பம்ப் நின்றுபோயிருக்கிறது. மாதம் ஒருமுறை இந்த இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி வைத்தால், எந்த ஒப்பந்தக்காரரின் சான்றிதழையும்விட அது அதிகம் சொல்லும்.

60 டிகிரி விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அது உங்கள் வீட்டுக்கே பொருந்துவதால் விரிவாகவே சொல்கிறேன். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். முதியவர்களும் குழந்தைகளும் கையை உடனே விலக்கிக்கொள்ள மாட்டார்கள். இதற்குத் தீர்வு வெந்நீரையும் குளிர்நீரையும் தானாகக் கலந்து 40 டிகிரி அளவில் தரும் கலப்பு வால்வு. அந்த வால்வு எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும் தவறு நடக்கிறது. பொருத்த வருபவர் மொட்டைமாடியில், தொட்டியின் வாயிலேயே ஒரே ஒரு வால்வை வைத்து வேலையை முடித்துவிடுவார். 24 வால்வுக்குப் பதில் ஒன்று என்பதால் உங்களுக்கும் மலிவாகத் தெரியும். ஆனால் அதோடு ஆறு மாடிக் குழாய் முழுவதும் 40 டிகிரி நீரால் நிரம்பிவிடுகிறது. தொட்டியில் கிருமியைக் கொன்றுவிட்டு, அது மிகவும் விரும்பும் சூட்டை முழுக் குழாயிலும் நீங்களே ஏற்படுத்திக் கொடுக்கிறீர்கள். பல கட்டடங்களில் இதைப் பார்த்து நான் சலித்துப்போயிருக்கிறேன். வால்வு குளியலறைக்குள்ளேயே, ஷவருக்கு மிக அருகில் இருக்க வேண்டும். கலந்த நீர் தங்கும் குழாய் ஓரிரு அடிக்கு மேல் நீளக் கூடாது. எல்லா வீட்டுக்கும் அது தேவையில்லை. முதியவர்களோ சிறு குழந்தைகளோ உள்ள வீடுகளில் வைத்தால் போதும். வாங்கும் வால்வு வெப்பநிலையைத் தானே சீராக்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு கைப்பிடி உள்ள சாதாரண மிக்ஸரைக் காட்டி இதுவும் அதுதான் என்பார்கள், அது வேறு. ஆண்டுக்கொரு முறை உப்புப் படிவை நீக்கி, குளிர்நீரை அடைத்தால் வெந்நீரும் நின்றுவிடுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். நிற்காவிட்டால் வால்வு பழுது.

குளிர்நீரை 20 டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்று குளிர்நாட்டு வழிகாட்டிகள் சொல்வது சென்னையில் நடக்காது. மே மாதத்தில் கறுப்புத் தொட்டியின் நீர் 35 டிகிரியைத் தாண்டும். அங்கே வெப்பநிலை கைகொடுக்காது, குளோரின்தான் காக்க வேண்டும். மேல்தொட்டிக்கு நிழல் கொடுத்து, ஒரு நாளைக்கு மேல் நீர் தேங்காத அளவில் நிரப்புங்கள். குழாயில் எஞ்சியுள்ள குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்று கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் பாருங்கள். கிணற்று நீரில் அது இருக்கவே இருக்காது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் குழாய்களை வாரம் ஒருமுறை, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் திறந்துவிடுங்கள்.

இந்தக் கிருமி குடிப்பதால் வழக்கமாகத் தொற்றுவதில்லை, ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் பரவுவதில்லை. நுண்துளிகளாக மூச்சில் போவதால் தொற்றுகிறது. ஆகையால் தொட்டி சரியாகும்வரை உங்கள் தந்தை ஷவரைத் தவிர்த்து, அடுப்பில் காய்ச்சிய நீரை வாளியில் விளாவிக் குளிக்கட்டும். அவருக்குக் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கட்டடத்தின் வெந்நீரைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே சொல்லி, லெஜியோனெல்லாவுக்கான சிறுநீர்ச் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் செய்ய மாட்டார்கள். பென்சிலின் வகை மருந்துகள் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கிருமியைத் தொடாது. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவற்றை மருத்துவர் தேர்ந்தெடுக்க இந்தத் தகவல் உதவும். கட்டடத்துக்குள் வெந்நீர் எந்தச் சூட்டில் ஓடுகிறது என்று கேட்டு வரும் அலுவலர் எவரும் இல்லை. நோயாளியின் கோப்பில் நிமோனியா என்று எழுதி மூடிவிட்டால், எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று தேடுபவரும் இல்லை. ஆகவே அந்த வெப்பமானியும் நோட்டும் உங்கள் சங்கத்தின் கையிலேயே இருக்கட்டும்.