டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த 1,036 ரூபாய்

கேள்வி: கோவையிலிருந்து டெல்லிக்கு நான்கு பேருக்கு ஒரு டிராவல் தளத்தில் விமான டிக்கெட் போட்டேன். தலைக்கு 5,600 ரூபாய் என்று பார்த்துத்தான் போட்டேன். கார்டில் 24,836 போய்விட்டது. பில்லில் கன்வீனியன்ஸ் ஃபீ 1,400, பயணக் காப்பீடு 996, நன்கொடை 40 என்று இருக்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், "நீங்கதான் மேடம் டிக்கை எடுக்காம விட்டுட்டீங்க" என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? பயணம் அடுத்த மாதம்.

பதில்: கஸ்டமர் கேர் சொன்ன அந்த வரியைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டிக்கை எடுக்காமல் விட்டது நீங்கள் என்றால், அதை முதலில் போட்டு வைத்தது அவர்கள் என்றுதானே ஆகிறது? நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-இன் விதி 4(9) இதைத்தான் தடுக்கிறது. வாங்குபவர் தானே வெளிப்படையாகச் செய்யும் செயலால் மட்டுமே சம்மதம் பதிவாக வேண்டும். முன்கூட்டியே டிக் போட்ட கட்டத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'பணம் செலுத்து' பொத்தானை அழுத்தினீர்களே என்று அவர்கள் வாதாடலாம். அது டிக்கெட்டுக்குத் தந்த சம்மதம். காப்பீட்டுக்குத் தனியாக நீங்கள் ஒன்றும் செய்யவில்லை.

வாங்குபவரை ஏமாற்றும் தள வடிவமைப்புகளுக்கு, அதாவது டார்க் பேட்டர்ன்களுக்கு எதிராக 2023 நவம்பரில் வெளிவந்த வழிகாட்டு நெறிமுறைகள் இதற்கு 'பாஸ்கெட் ஸ்நீக்கிங்' என்றே பெயர் வைத்திருக்கின்றன. விமான டிக்கெட் வாங்கும்போது பயணக் காப்பீட்டைத் தானாகச் சேர்ப்பது அதிலேயே உதாரணமாக இருக்கிறது. நன்கொடையும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. உங்கள் வழக்கை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியது போலத்தான் இருக்கும், படித்துப் பாருங்கள்.

ஆனால் 1,400 ரூபாயை இதோடு சேர்க்காதீர்கள். வாங்கும்போது வெளிப்படையாகக் காட்டிய அவசியக் கட்டணம் பாஸ்கெட் ஸ்நீக்கிங் ஆகாது. அந்தக் கட்டணத்தைக் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைத்திருந்தால் அது 'டிரிப் பிரைசிங்' என்ற வேறு குற்றச்சாட்டு. அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். இப்போதைக்கு 996-உம் 40-உம் சேர்த்து 1,036 ரூபாயை மட்டும் கேளுங்கள். கேட்பது சிறியதாகவும் தெளிவாகவும் இருந்தால் எதிர்த்தரப்புக்கு நழுவ இடமிருக்காது.

இந்த மாதிரி வழக்குகள் சட்டத்தில் தோற்பதில்லை, சாட்சியத்தில்தான் தோற்கின்றன. நீங்கள் பணம் கட்டும்போது அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு இப்போது உங்களிடம் சாட்சியம் ஒன்றும் இல்லை. இன்றைக்கே அதே தளத்தில், அதே ஊர்களுக்கு, நான்கு பேருக்குத் தேடி, பணம் கட்டும் பக்கம் வரை போங்கள். போனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை முதலிலிருந்தே ஓட விடுங்கள். விரல் படாமலேயே டிக் விழுந்திருப்பதும், மொத்தத் தொகை ஏறுவதும் அதில் தெரிய வேண்டும். பணம் கட்டாமல் வெளியே வந்துவிடுங்கள். ஒருவேளை அந்தப் பக்கம் 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது என்றால் நிலைமை வேறு. அவசரத்தில் 'வேண்டும்' என்பதைத் தொட்டிருந்தால் என் பதிலும் மாறும்.

அடுத்து, தளத்தில் பெயர் போட்டிருக்கும் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பில்லை இணைத்து, இப்படிக் கேளுங்கள்: "காப்பீட்டுக்கும் நன்கொடைக்கும் நான் சம்மதித்ததாக நீங்கள் பதிவு செய்தது எந்த நேரத்தில், என் எந்தச் செயலால்? நன்கொடை எந்த அறக்கட்டளைக்குப் போனது?" முதல் கேள்விக்கு நேர்மையான பதில் வந்தால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. காப்பீட்டு நிறுவனத்துக்கும் பயணத்துக்கு முன்பே பாலிசியை ரத்து செய்யக் கேட்டு எழுதிவிடுங்கள். பயணம் முடிந்த பிறகு கேட்டால், அவ்வளவு நாளும் பாதுகாப்பு கொடுத்தோமே என்பார்கள்.

கார்டு வங்கியில் மொத்தத் தொகைக்கும் டிஸ்பியூட் போட்டுவிடாதீர்கள். டிக்கெட்டே ரத்தாகும் ஆபத்து இருக்கிறது.

பதில் வரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ consumerhelpline.gov.in தளத்திலோ புகார் பதியலாம். சிறு தொகைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே திரும்பி வந்துவிடுகின்றன. வராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. (என் தொழிலுக்கு நானே குழி தோண்டுகிறேன்.) கால அவகாசம் இரண்டு ஆண்டுகள். ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63-இன்படி மின்னணு ஆவணச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

இடையில் அவர்கள் தளத்தின் வாலட்டில் 1,036 ரூபாய் போட்டுத் தருவதாகச் சொல்லக்கூடும். பணம் போனது கார்டிலிருந்து, அதே கார்டுக்கே வர வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.