சுருக்கத்தில் வாதம் பிடிபடவில்லை

“பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரோம், பலரும் சேர்ந்து பயன்படுத்தும் பொதுவளங்களைப் பற்றி 1990-இல் எழுதிய ‘Governing the Commons’ நூலின் முதல் அத்தியாயத்தைச் சுருக்கி இணைத்து, ‘வாதம் சரியாக வந்திருக்கிறதா?’ என்று பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘மறுபடி படியுங்கள்’ என்று மட்டும் பதில் வந்தது. ‘அரசோ தனியாரோ பொறுப்பேற்காவிட்டால் பொதுவளம் அழியும், ஆழியாற்று நீர்ப் பங்கீடு அதற்குச் சான்று’ என்று முடித்திருந்தேன்.”

தம்பி, அந்த முடிவு ஆஸ்ட்ரோமுடையது அல்ல, அவர் மறுக்கும் தரப்பினுடையது. அவரவர் ஆதாயம் பார்த்துப் பொதுவளத்தை அழித்துவிடுவார்கள் என்று 1968-இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் சொன்னதை ஆஸ்ட்ரோம் முதலில் நேர்மையாக விளக்கிவிட்டு, பிறகுதான் மறுக்கிறார். திருப்பம் துருக்கியின் அலன்யா மீனவர்களிடம் இருக்கிறது. மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டு, செப்டம்பர் முதல் ஜனவரி வரை தினமும் ஓர் இடம் கிழக்கே நகர்கிறார்கள், பிறகு மேற்கே. அடுத்தவர் இடத்தில் யார் வலை போட்டாலும் அன்றைய உரிமைக்காரருக்கே முதலில் தெரிந்துவிடும். பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காவலும் காக்க முடியும் என்பதே அவர் வாதம். அதற்காக ‘அரசே வேண்டாம்’ என்று எழுதிவிடாதீர்கள். தோற்றுப்போன முயற்சிகளையும் அவர் ஆராய்கிறார்.

ஆழியாற்றை எடுத்துவிடுங்கள். அது இரு மாநில அரசுகளின் ஒப்பந்தம், நூலிலும் இல்லாதது. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பேசுவது ஆஸ்ட்ரோமா, எதிர்த்தரப்பா என்று குறித்துக்கொண்டு படியுங்கள்.

மின்னஞ்சலில் இப்படிக் கேளுங்கள்: “ஐயா, ஹார்டின் கருத்தை ஆஸ்ட்ரோம் முழுவதும் மறுக்கிறாரா, எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்கிறாரா? இரண்டாவது என்று கொண்டு மூன்றாம் பத்தியைத் திருத்தியிருக்கிறேன்.” இதற்கு அவர் இரண்டே வரியில் பதில் எழுதிவிடலாம்.