ரசிகர்கள் போட்ட 25 சென்ட்: நோசிக்கின் சேம்பர்லின் வாதம் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: ஒரு விளையாட்டு வீரரின் வருமானத்தை வைத்துக்கொண்டு நீதிக் கோட்பாட்டை எப்படிச் சோதிக்க முடியும்?

பதில்: 1974இல் அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் அதைத்தான் செய்தார். எந்தப் பங்கீடு நீதியானது என்று நீங்கள் கருதுகிறீர்களோ, அதுவே நடைமுறையில் இருப்பதாக அவர் முதலில் ஒப்புக்கொள்கிறார். அனைவருக்கும் சம பங்கு என்றே வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் ஓர் அணியுடன் ஒப்பந்தம் செய்கிறார்; அதன்படி சொந்தத் திடலில் நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் நுழைவுச்சீட்டுக்கு 25 சென்ட் அவரைச் சேரும். ரசிகர்கள் அந்தக் காசை அவர் பெயர் எழுதிய தனிப் பெட்டியில் மகிழ்ச்சியோடு போட்டுவிட்டு உள்ளே செல்கிறார்கள். பருவம் முடிவதற்குள் 10 லட்சம் பேர் வந்துவிட, அவரிடம் 2,50,000 டாலர் சேர்கிறது. சம பங்கு குலைந்துவிட்டது; ஆனால் எந்த இடத்தில் அநீதி நுழைந்தது என்று நோசிக் கேட்கிறார்.

அந்தப் பெட்டி ஒரு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. பணம் யாருக்குப் போகிறது என்று தெரியாமல் கொடுத்துவிட்டதாக எந்த ரசிகரும் பிறகு சொல்ல இயலாது. ஒவ்வொருவரும் தம்முடையதை, தாமே விரும்பி, தெரிந்தே கொடுத்திருக்கிறார்கள். இதிலிருந்து நோசிக் எடுக்கும் முடிவு இதுதான்: 'இன்ன தன்மைக்கு ஏற்ப இன்னாருக்கு இவ்வளவு' என்று வாய்பாடு வகுக்கும் எந்தப் பங்கீட்டையும் மக்களின் சாதாரணக் கொடுக்கல் வாங்கலே கலைத்துவிடும், கலையாமல் காக்க வேண்டுமானால் அரசு ஓயாமல் தலையிட வேண்டியிருக்கும். எனவே ஒரு சொத்து நீதியானதா என்பதை அது வந்த வழியை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்கிறார்: முதலில் முறையாகக் கையகப்படுத்தப்பட்டதா, முறையாகக் கைமாறியதா, இடையில் நடந்த அநீதி ஏதேனும் இருந்தால் அது சரிசெய்யப்பட்டதா.

கேள்வி: பந்தைக் கூடைக்குள் போடுபவருக்கு இரண்டரை லட்சம், இரவெல்லாம் கண்விழிக்கும் செவிலியருக்கு அதில் சிறு பங்குகூட இல்லை. சேம்பர்லின் இதற்குத் தகுதியானவர் என்று நோசிக்கால் எப்படி வாதிட முடிகிறது?

பதில்: நோசிக் அப்படி வாதிடவே இல்லை. உழைப்புக்கோ, திறமைக்கோ, சமூகப் பயனுக்கோ ஏற்ற ஊதியம் என்பதும் அவர் மறுக்கும் வாய்பாடுகளில் ஒன்றுதான். சேம்பர்லினின் உயரம் அவர் ஈட்டிய பொருளன்று என்பதை நோசிக் தயங்காமல் ஏற்பார். இருந்தும் அந்தப் பணம் அவருடையதே என்பார். செவிலியருக்குக் கூடுதலாகத் தர விரும்பும் ரசிகர் தம் காசை அவருக்குத் தருவதை யாரும் தடுக்கவில்லை என்பதே அவருடைய பதிலாக இருக்கும். அந்தப் பதில் உங்களுக்குப் போதாது என்று தோன்றினால், குறை சொல்ல வேண்டிய இடம் சேம்பர்லின் அல்லர், தொடக்க விதிகள்.

கேள்வி: மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னவர். ஆகவே இந்த வாதம் அவரை வீழ்த்திவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: நோசிக் குறிவைத்தவர்களில் ரால்ஸ் முக்கியமானவர் என்பது வரை சரி. ஆனால் ரால்ஸ் ஏற்றத்தாழ்வை முற்றிலும் விலக்கியவர் அல்லர். அது மிகவும் பின்தங்கியவர்களின் நிலையை உயர்த்துமானால் அதற்கு இடமுண்டு என்று 1971இலேயே எழுதியிருக்கிறார். அதைவிட முக்கியமானது, அவருடைய கொள்கை ஒவ்வொரு நுழைவுச்சீட்டையும் கண்காணிப்பதற்கானது அன்று. வரி, சொத்துரிமை, கல்வி போன்ற அடிப்படை அமைப்புகளின் விதிகளை அது முன்கூட்டியே வகுக்கிறது. அதன் பிறகு அந்த விதிகளுக்குள் மக்கள் விரும்பியபடி கொடுக்கலாம், வாங்கலாம்.

இந்த வேறுபாட்டை அதே கணக்கில் வைத்துப் பாருங்கள். 25 சென்டில் 8 சென்ட் பொதுக் கருவூலத்துக்குப் போகும் என்று பருவம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும் என்று கொள்வோம். அதே 10 லட்சம் பேர் வருகிறார்கள். கருவூலத்துக்கு 80,000 டாலர், சேம்பர்லினுக்கு 1,70,000 டாலர். இங்கும் ரசிகர்கள் தெரிந்தே, விரும்பியே கொடுத்தார்கள். அவரும் தெரிந்தே ஆடினார். அவர் இன்னும் பெரும் பணக்காரர்தான், யாரும் ஆட்டத்தின் நடுவே குறுக்கிடவும் இல்லை. அந்த 80,000 டாலரும் அவருடையதே என்று சொல்ல வேண்டுமானால், ரசிகர்களின் கையில் இருந்த 25 சென்ட் வரிக்கு உட்படாத முழு உரிமையோடு இருந்தது என்று முதலில் நிறுவியாக வேண்டும். தொடக்கப் பங்கீட்டை நம் விருப்பத்துக்கு விட்டதாகச் சொன்ன நோசிக், அதில் எத்தகைய உரிமை அடங்கும் என்பதைத் தாமே தீர்மானித்துவிட்டார். என் பார்வையில் வாதத்தின் பலவீனம் இதுவே. நாள்தோறும் சம நிலையைக் காக்க முயலும் கடுமையான வாய்பாட்டை இந்த வாதம் உறுதியாக வீழ்த்துகிறது. வரியை வீழ்த்துவதற்கு அது போதாது.

கேள்வி: நான் மேடைக் கச்சேரிகளில் பாடுபவன். ஆண்டு வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு வரியாகப் போகிறது. அப்படியானால் நான்கில் ஒரு கச்சேரியை அரசுக்காகப் பாடுகிறேன் என்பதுதானே பொருள்?

பதில்: உங்கள் கணக்கும் நோசிக்கின் கணக்கும் ஒன்றுதான். உழைப்பு வருமானத்தின் மீதான வரியைக் கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்று அவர் எழுதினார். சினிமா பார்க்கப் பணம் வேண்டி அதிக நேரம் உழைப்பவரிடம் வரி வாங்கிவிட்டு, செலவில்லாமல் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்து மகிழ்பவரை ஏன் விட்டுவிடுகிறோம் என்ற அவருடைய கேள்விக்கு எளிய பதில் கிடையாது. ஆயினும் ஒப்புமை முழுமையானது அன்று: எந்த மேடையில், எப்போது, எத்தனை கச்சேரி பாடுவது என்பதை உங்களுக்கு யாரும் விதிக்கவில்லை. தவிர, காவலுக்கும் நீதிமன்றத்துக்கும் அரசு வேண்டும் என்று நோசிக்கே ஏற்கிறார். அதன் செலவை எல்லோரிடமும் வாங்கலாம் என்றால், எல்லா வரியும் கட்டாய உழைப்பு என்று சொல்வது அவருக்கே சங்கடம்தான்.

உங்களுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகையும் வருமானால் அதைத் தனியாக யோசித்துப் பாருங்கள். காப்புரிமை இல்லாவிட்டால் அந்த வருமானமே இராது. அந்த உரிமை எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதைச் சட்டமே வகுக்கிறது. பெட்டியில் விழுந்த காசைப் போல அது எளிய கைமாற்றம் அன்று.

கேள்வி: ஆட்டம் பார்க்கவே வராதவருக்கு என்ன நஷ்டம்? அவருடைய பங்கு அப்படியே இருக்கிறதே. மெய்யியலாளர் ஜி. ஏ. கோஹனின் மறுப்பு இந்த இடத்தில் எடுபடுகிறதா?

பதில்: சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். ஒருவர் கையில் உள்ள பணத்தின் மதிப்பு மற்றவர்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்று கோஹன் 1977இல் வாதிட்டார். அளவாக உள்ள நிலத்துக்கு ஏலம் நடந்தால், பங்கு மாறாத அந்த மனிதர் இப்போது இரண்டரை லட்சத்தோடு போட்டியிட வேண்டும். ஒருவரிடம் மட்டும் இவ்வளவு சேர்ந்தால் பாதிப்பு மிகச் சிறிது. சேம்பர்லினைப் போல ஆயிரம் பேர் உருவாகும்போது அது பெரிதாகிறது. நோசிக் தரப்பிலும் பதில் உண்டு: அண்டை வீட்டுக்காரர் முன்னேறுவதால் என் வாய்ப்பு குறைகிறது என்பது மட்டும் எனக்கு இழைக்கப்பட்ட அநீதி ஆகாது. எந்தப் பாதிப்பு முறையீட்டுக்கு உரியது, எது அல்ல என்பதில் இரு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்குக் கோஹன் பக்கம் சாய்வு உண்டு, ஆனால் அவருடைய மறுப்பு எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு எல்லை கண்டதாக நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அந்தப் பணம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போனால் என்ன ஆகும்? ரசிகர்கள் அவர்களுக்காகக் கொடுக்கவில்லையே.

பதில்: 1974இன் நோசிக் இதில் தடுமாற மாட்டார்: தன்னுடையதை யாருக்கும் கொடுக்கலாம், பிள்ளைக்கும் கொடுக்கலாம். ஆனால் 1989இல் வெளியான நூலில், தம் முந்தைய நிலைப்பாடு பெரிதும் போதாமை உடையது என்று அவரே எழுதினார். தாமே ஈட்டியதைப் பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். பரம்பரையாக வந்த அளவை மட்டும், அடுத்தவருக்கு விட்டுச் செல்லும் சொத்திலிருந்து கழித்துவிட வேண்டும் என்று யோசனை சொன்னார். அதன்படி சேம்பர்லினின் இரண்டரை லட்சம் அவர் பிள்ளைக்குப் போகலாம். அந்தப் பிள்ளை தாமாக எதுவும் சேர்க்காவிட்டால் பேரப்பிள்ளைக்கு அதிலிருந்து ஒன்றும் போகாது.