உதிர்ந்த நூலும் தெறிக்கும் வலியும்

மேடம், எனக்குச் சுகப்பிரசவம் ஆகிப் பத்து நாள் ஆகிறது. கீழே தையல் போட்டிருக்கிறார்கள். நேற்று பேடில் இரண்டு சின்ன நூல் துண்டுகள் கிடந்தன. தையல் பிரிந்துவிட்டதோ என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நடுவில் நன்றாகக் குறைந்திருந்த வலி, இரண்டு நாளாக ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறிக்கிறது. வாடையும் முன்பு போல இல்லை. காய்ச்சல் கிடையாது, பாராசிட்டமால் மட்டும் வேளை தவறாமல் போடுகிறேன். “பிள்ளை பெத்தா வலிக்கத்தான் செய்யும்” என்கிறார் அம்மா. மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும், மறுபடி தைப்பார்கள் என்று நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. மலம் கழிக்கவும் பயந்து அடக்கிக்கொள்கிறேன். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?

அன்புத் தங்கைக்கு,

இன்றே போய்க் காட்டிவிடுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம். மகப்பேறு பிரிவில் டாக்டர்களோடு சேர்ந்து வேலை செய்கிறவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த நூல் பெரும்பாலும் ஒரு பிரச்சினையே இல்லை. அந்த இடத்தில் பொதுவாகத் தானாகக் கரையும் நூலைத்தான் போடுவார்கள். பத்து நாள், இரண்டு வாரத்தில் அது பிடிப்பை இழந்து துண்டு துண்டாக உதிரும். அதற்குள் தோலின் ஓரங்கள் ஒட்டத் தொடங்கியிருக்கும். இந்தச் சமயத்தில் அரிப்பும், எழுந்து உட்காரும்போது சுருக்கென்று இழுப்பதும் ஆறுகிற புண்ணில் இருப்பவைதான்.

நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போன தெறிப்புதான் எனக்குக் கவலை தருகிறது. வலி எவ்வளவு என்பதைவிட அது நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மூன்று நாள் வீக்கத்தோடு கடுமையாக வலிக்கலாம். அதன்பின் நாளுக்கு நாள் இறங்க வேண்டும். நடுவே ஒரு நாள் அதிகம் நடந்து வலி கூடினால், ஓய்வெடுத்ததும் தணிந்துவிடும். குறைந்த வலி திரும்பவும் ஏறி, ஓய்விலும் ஒரே இடத்தில் தெறித்தால் அங்கே கிருமித்தொற்றோ சீழோ சேர்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கில் பழைய ரத்த வாடை அடிப்பது இயல்பு. அழுகல் வாடை இயல்பில்லை. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, தொட்டால் சூடு, மஞ்சள் அல்லது பச்சை நிறக் கசிவு, தையல் வாய் விட்டிருப்பது இவையும் அப்படித்தான். முடிந்தால் கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் விடுங்கள், டாக்டர் பார்ப்பார்.

காய்ச்சல் இல்லை என்பதை வைத்து நான் ஆறுதல் அடைய மாட்டேன். பாராசிட்டமால் வலியோடு காய்ச்சலையும் அமுக்கிவிடும். டாக்டரிடம் கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், குளிர்நடுக்கம், அடிவயிற்று வலி, படபடப்பு, அல்லது ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைவது — இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மறுபடி தைப்பார்களோ என்று பயப்படுகிறீர்கள். தொற்று இருக்கும்போது உடனே தைப்பது வழக்கமில்லை. தைத்தால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். பெரும்பாலும் தாய்ப்பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக் தருவார்கள். சீழ் கட்டியிருந்தால் ஒன்றிரண்டு தையலைத் திறந்து வடிய விடுவார்கள். திறந்த இடம் அடியிலிருந்து மெல்ல மூடும், சில வாரம் ஆகலாம். பாலை நிறுத்தத் தேவையிராது.

பரிசோதனை மேசையில் ஏறும்முன்பே, “எனக்குப் பயமாக இருக்கிறது, கை தூக்கினால் நிறுத்துங்கள்” என்று சொல்லிவிடுங்கள். மரத்துப்போக மருந்து கேட்கலாம். அம்மாவையோ கணவரையோ தலைமாட்டில் நிற்கச் சொல்லலாம். பிரசவத்தில் உடம்பு தங்கள் பிடியை விட்டுப் போனதாகத் தோன்றியவர்களுக்கு இந்த நடுக்கம் வருவதை அடிக்கடி பார்க்கிறேன். நிறுத்தும் உரிமை தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி இறுக்கம் தளரும். (உங்கள் அம்மா சொல்வது முதல் வாரத்துக்குச் சரி. குறைந்து ஏறிய வலிக்கு அது பொருந்தாது.)

மலத்தை அடக்காதீர்கள். அடக்க அடக்க இறுகும், அதுதான் அதிகம் வலிக்க வைக்கும். சுத்தமான பேடு ஒன்றைத் தையல்மேல் முன்பக்கமிருந்து லேசாக அழுத்திப் பிடித்தபடி போனால், பிரிந்துவிடும் என்ற பயம் அடங்கும். சிறுநீர் எரிந்தால் கழிக்கும்போதே வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள். மலம் இளக, பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். மலமோ காற்றோ கட்டுப்பாடின்றி வெளியேறினால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அது ஆசனவாய்த் தசையில் காயம் இருப்பதைக் காட்டலாம்.

காட்டிவிட்டு வந்ததும், என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். பிரசவ அறையின் நினைவு அதன்பிறகும் தூக்கத்தைக் கெடுத்தால் அதைத் தனியாகப் பேசுவோம்.